புது லோடிங் ஆட்களுக்குப் பத்து நிமிடப் பேச்சு: எழுதுவது எப்படி, நடுவில் கேட்பது எப்படி

கேள்வி: மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாக வரும் லோடிங் ஆட்களுக்கு முதல் நாள் காலையில் பத்து நிமிடம் சேஃப்டி பற்றிப் பேசவேண்டும். நிமிடத்துக்கு ஒரு விஷயம், நடுநடுவே சின்னக் கேள்வி என்று மேலே சொல்லிவிட்டார்கள். எழுதினால் நாலு பக்கம் வருகிறது, பேசினால் இருபது நிமிடம் ஓடுகிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். இதை எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் கேள்விகளை எழுதுங்கள். பேச்சை அதற்கு அப்புறம் எழுதுங்கள்.

நாலு பக்கம் வருவதற்குக் காரணம், உங்களுக்குத் தெரிந்ததிலிருந்து எழுத ஆரம்பிப்பதுதான். யார்டிலேயே பல வருஷம் இருந்தவருக்குத் தெரிந்தது நாலு பக்கத்தில் அடங்கினால்தான் ஆச்சரியம். அதை விட்டுவிட்டு, இன்றைக்குக் காலையில் கேட்டுக்குள் வந்த ஆள் சாயந்தரத்துக்குள் எங்கே அடிபடக்கூடும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஃபோர்க்லிஃப்ட் போகிற வழியில் குறுக்கே போவது, தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே நிற்பது, கன்டெய்னர் கதவு திறக்கும்போது எதிரே நிற்பது, மருந்தடித்த கன்டெய்னருக்குள் நுழைவது, சக்கரத்துக்குக் கட்டை போடாத டிரெய்லரில் ஏறுவது, சின்ன அடிதானே என்று சொல்லாமல் மறைப்பது. உங்கள் யார்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். ஏழைத் தாண்ட விடாதீர்கள்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கைரேகை வைக்கிற இடம், கேன்டீன் நேரம், லீவு சொல்லவேண்டிய நம்பர் எல்லாம் அவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் அதைக் காதால் கேட்டு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளப்போவதில்லை. ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். ஹெச்.ஆர். ஆள் "ரெண்டு நிமிஷம் நான் பேசிடறேன்" என்று வந்து நிற்பார். டீக்கு அப்புறம் பேசச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நேரக் கணக்கு. நிமிடத்துக்கு ஒரு விஷயம் என்றவுடன் அறுபது நொடியும் நீங்கள் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டால் கேள்விக்கு இடமே இருக்காது. நான் பிரிப்பது இப்படி: முப்பத்தைந்து நொடி பேச்சு, மிச்சம் இருபத்தைந்து நொடி கேள்விக்கும், தப்பாகப் பதில் வந்தால் திருத்துவதற்கும். முப்பத்தைந்து நொடியில் எத்தனை வார்த்தை போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். போனில் ரெக்கார்டரைப் போட்டு, யார்டில் நின்று, டிரெய்லர் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி ஒரு நிமிடம் பேசிப் பார்த்து எண்ணுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து வாசித்தால் வேகமாக வரும். அந்தக் கணக்கு உதவாது. தமிழில் ஒரு வார்த்தைக்குள் நிறைய ஒட்டிக்கொண்டு வருவதால் எண்ணிக்கை குறைவாகவே வரும். நிதானமாகப் பேசுகிறவருக்கு முப்பத்தைந்து நொடியில் ஐம்பது வார்த்தை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பத்து நிமிடத்தில் பத்து விஷயம் வைக்காதீர்கள். ஏழு போதும். மூன்றாவது விஷயம் முடிந்ததும் ஒரு நிமிடம் பழையதைத் திருப்பிக் கேட்க, கடைசியில் ஒரு நிமிடம் அதேபோல் கேட்க. மிச்சமுள்ள ஒரு நிமிடம், யாராவது லேட்டாக வந்து சேருவார், கிரேன் நகரும், உங்களுக்குப் போன் வரும், அதற்குப் போய்விடும்.

ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு கார்டு. உள்ளங்கையில் அடங்குகிற அளவு கெட்டி அட்டை இருந்தால் நல்லது. மேலே ஒரே ஒரு வரி: அந்த ஆள் என்ன செய்யவேண்டும், அல்லது செய்யக்கூடாது. அதற்குக் கீழே பேச்சு, பேசுகிற மொழியிலேயே. அதற்குக் கீழே கேள்வி. கடைசியாக, தப்பான பதில் வந்தால் சொல்லவேண்டிய வரி. இந்தக் கடைசி வரியைத்தான் முக்கால்வாசிப் பேர் எழுதுவதில்லை. அது இல்லையென்றால் தப்பான பதில் வந்ததும், முதலில் சொன்னதையே இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்லத்தான் தோன்றும்.

மேலே எழுதுகிற ஒரு வரி செயலாக இருக்கவேண்டும். "கன்டெய்னர் கதவு ஆபத்தானது" என்பது தகவல். அதைக் கேட்டவன் என்ன செய்வான் என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. "நான் கை காட்டும் வரை கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்" என்பது செயல். அதை அவன் செய்தானா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். கண்ணால் பார்க்க முடிந்ததைத்தான் கேள்வியாக மாற்ற முடியும்.

ஒரு கார்டை முழுசாக எழுதிக் காட்டுகிறேன், கதவு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். தரையில் இறக்கி வைத்த கன்டெய்னரைத் திறப்பதைப் பற்றி ஒரு அனுபவசாலி எழுதினால் இப்படித்தான் வரும்: முதலில் சீல் நம்பரைப் பார்க்கவேண்டும், கதவு வெளியே உப்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இரண்டு கதவின் லாக் ராடுகளையும் சேர்த்து ஸ்ட்ராப் போட்டு இறுக்கவேண்டும், இடது கதவின் மேல் வலது கதவு படிந்திருப்பதால் வலதைத்தான் முதலில் திறக்கவேண்டும், மெதுவாகத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும், பிறகுதான் ஸ்ட்ராப்பை எடுக்கவேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு விஷயம். போதாததற்கு, முதல் நாள் வந்தவன் கதவையே தொடப்போவதில்லை. திறப்பது உங்கள் பழைய ஆள்தான். புது ஆளுக்கு அந்த நேரத்தில் இருக்கிற ஒரே வேலை, சரியான இடத்தில் நிற்பது. அந்த ஆறும் அவனைக் கதவு டீமில் சேர்க்கிற அன்றைக்குச் சொல்லவேண்டியவை. எடுத்து வையுங்கள்.

அப்படியானால் கேள்வி என்ன? "எங்கே நிற்பாய்?" என்பதுதான். அதை வாயால் கேட்காமல் தரையில் கேளுங்கள். மூடிய காலி கன்டெய்னர் ஒன்றின் முன்னால் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டு நம்பர் எழுதுங்கள். ஒன்று, கதவுக்கு நேர் எதிரே. இரண்டு, கன்டெய்னரின் பக்கச் சுவரை ஒட்டி, மூலைக்குப் பக்கத்தில். மூன்று, மஞ்சள் கோட்டுக்கு வெளியே. இந்த இரண்டாவது வட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. எதிரே நிற்கக்கூடாது என்று காதில் விழுந்தவன் நல்ல பிள்ளையாகப் பக்கவாட்டில் போய் நிற்பான். கன்டெய்னர் கதவு முழுசாகத் திறந்தால் 270 டிகிரி சுற்றி, அந்தப் பக்கச் சுவரோடுதான் வந்து ஒட்டும். ஒரு கதவு நாலடி அகலம். உள்ளே சாய்ந்திருக்கிற சரக்கு தள்ளிவிட்டால் அந்த நாலடியும் ஒரே வீச்சில் வரும். சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பவன் விரல் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டும்.

இப்போது பேச்சை எழுதலாம். எழுத்துத் தமிழில் எழுதிவிட்டு வாயில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அப்படியே பேசுவதுபோல எழுதுங்கள்:

"இந்தக் கதவப் பாருங்க. உள்ள இருக்கற சரக்கு கப்பல்லயும் வண்டிலயும் ஆடி ஆடி வந்திருக்கு. மூட்டை கதவு மேலயே சாஞ்சு நிக்கலாம், வெளிய இருந்து பாத்தா தெரியாது. ராடை எடுத்த ஒடனே கதவு வீசிக்கினு தொறக்கும், பின்னாலயே மூட்டை விழும். கதவு சுத்தி இந்தச் செவுரு வரைக்கும் வரும், பாருங்க." (கையால் சுற்றிக் காட்டு.) "அதனால, தொறக்கச் சொல்ல எல்லாரும் மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட. நான் கை காட்டுன அப்புறம்தான் உள்ள."

எண்ணிப் பாருங்கள், ஐம்பது வார்த்தைக்குள்தான். பிறகு கேள்வி: "இப்ப நான் இந்தக் கதவத் தொறக்கப் போறேன். உங்க எடத்துல போய் நில்லுங்க." அவ்வளவுதான். கையை ராடில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

தப்பான இடத்துக்கு இரண்டு விதமான திருத்தம் வேண்டும், ஏனென்றால் இரண்டு தப்புக்கும் காரணம் வேறு. ஒன்றாம் வட்டத்தில் நிற்பவன் கவனிக்கவே இல்லை; அவனுக்கு "மூட்டை எந்தப் பக்கம் விழும், காட்டு" என்று கேட்டால் போதும், தானே நகர்ந்துவிடுவான். இரண்டாம் வட்டத்தில் நிற்பவன் கவனித்தான், ஆனால் கதவு சுற்றுவதை மனசில் வாங்கவில்லை. காலி கன்டெய்னர்தானே, அவனைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு மெதுவாகக் கதவைத் திறந்து, அவன் நின்றிருந்த வட்டத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். வேறு பேச்சு தேவையில்லை.

நாலாவதாக, எதிரேயே ஆனால் இருபதடி தள்ளி ஒரு வட்டம் போடலாமே என்று ஒருவர் கேட்டார். போடாதீர்கள். அங்கே நின்றால் தப்பா சரியா என்று உங்கள் மேஸ்திரிக்கும் உங்களுக்குமே சண்டை வரும். தப்பான விடைகள் இரண்டு தகுதியோடு இருக்கவேண்டும்: நிஜமாகவே ஒரு புது ஆள் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும், தப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது. "கதவு திறக்கும்போது கன்டெய்னர் மேலே ஏறி நிற்பேன்" என்று வேடிக்கைக்கு ஒன்றைச் சேர்த்தால் எல்லாரும் சிரிப்பார்கள், சரியான விடையும் சுலபமாகத் தெரிந்துவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

எல்லாக் கேள்வியையும் தரையில் கேட்க முடியாது. ஃபோர்க்லிஃப்ட் கார்டைப் பாருங்கள். செயல்: டிரைவர் கை காட்டாமல் குறுக்கே போகாதே. காரணம்: முன்னால் சரக்கு உயர்ந்து நின்றால் அவருக்கு நாம் தெரியமாட்டோம். மூன்று டன் தூக்குகிற வண்டியின் சொந்த எடையே நாலு டன்னுக்கு மேல் என்பதை எல்லாரும் சொல்லப் பிரியப்படுவார்கள். சொல்லாமலே விடலாம், வண்டியைப் பார்த்தாலே தெரிகிறது. கேள்வியை "டிரைவர் பார்க்காமல் குறுக்கே போகலாமா, கூடாதா?" என்று எழுதினால் வீண். போகலாமா என்று நீங்கள் கேட்கிற தொனியிலேயே கூடாது என்பது தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் பாதிப் பேர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்:

"ஃபோர்க்லிஃப்ட் நின்னுக்கினு இருக்கு. டிரைவர் வேற பக்கம் பாக்கறாரு. நீங்க அந்தாண்ட போவணும். ஒண்ணு, வண்டிதான் நிக்குதேன்னு முன்னால போயிடுவேன். ரெண்டு, வண்டிக்குப் பின்னால சுத்திப் போவேன். மூணு, அவரு பாத்துக் கை காட்டற வரைக்கும் இங்கயே நிப்பேன்."

இங்கேயும் இரண்டாவதுதான் நிறைய பேர் சொல்வது. கார், ஆட்டோ ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த வண்டி முன் சக்கரத்தில் திரும்பும். ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்தில் திரும்புவது. ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்பக்கம்தான் வெளியே வீசும். பின்னால் ஒட்டிப் போகிறவனை அதுதான் இடிக்கும். ஆனால் இதைப் பேச்சில் வைக்கவேண்டாம், திருத்த வரியில் வையுங்கள். ரெண்டு என்று யாராவது சொன்னால் டிரைவரைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே வண்டியை ஒரு தடவை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். யாருமே சொல்லவில்லை என்றால் அந்த நொடிகள் உங்களுக்கு மிச்சம்.

பதிலை வாங்குகிற விதமும் எழுதி வைக்கவேண்டிய விஷயம்தான். "யாராவது சொல்லுங்க" என்றால் சொல்கிறவர் ஒரே ஆள்தான், அவர் ஏற்கெனவே வேறு யார்டில் வேலை பார்த்தவராக இருப்பார். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள் என்றால் கூட்டிவந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அதனால் விரலைக் காட்டச் சொல்லுங்கள், தலைக்கு மேலே இல்லை, நெஞ்சோடு ஒட்டி. நீங்கள் முன்னால் நிற்பதால் உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குச் சரியாகத் தெரியாது. "மூணு எண்ணுவேன், அப்புறம் எல்லாரும் ஒண்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலருடைய விரல் ஒரு கணம் தாமதமாக எழுந்தால் அவர்கள் யாரையோ பார்த்து மாற்றிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் மறுபடி கேளுங்கள்.

மூன்று எண்ணுவது சும்மா சடங்கு இல்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான் என்று கண்டார். அதை மூன்று நொடி ஆக்கினதும் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. யார்டில் மூன்று நொடி மௌனம் என்பது நிற்கிறவருக்கு யுகமாக இருக்கும், வாய் தானாகப் பதிலைச் சொல்லிவிடும். கார்டில் கேள்விக்குக் கீழே "மூணு எண்ணு" என்றே எழுதி வையுங்கள். கூடவே முகத்தையும் கவனியுங்கள். சரியான விடையைப் படிக்கும்போது நிறுத்திச் சொல்வது, லேசாகத் தலையாட்டுவது எல்லாம் நமக்கே தெரியாமல் நடக்கும். எதிரே இருப்பவர்கள் கன்டெய்னரைப் பார்க்காமல் உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் விடையைக் காட்டிக்கொடுக்கிறீர்கள்.

மருந்தடித்த கன்டெய்னர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில்தான் தப்பான விஷயத்தை அழகாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிற ஆபத்து அதிகம். காட்டுப்பள்ளியிலிருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் வருகிற மரம், பருப்பு, மரப் பெட்டியில் கட்டிய மெஷின் எதுவாக இருந்தாலும் பூச்சிக்காக வாயு ஏற்றியிருக்கலாம். வழக்கமாக எழுதுகிற வரி: "வாசனை வந்தால் வெளியே வந்துவிடு." கேட்க நன்றாக இருக்கிறது. பாஸ்பீன் என்றால் பூண்டு மாதிரி, கெட்ட மீன் மாதிரி நாற்றம் வரலாம். மீதைல் புரோமைடுக்கோ சொல்லிக்கொள்கிற அளவு வாசனையே கிடையாது. ஆகவே அந்த வரியைக் கேட்டவன் "வாசனை இல்லை, அப்போ உள்ளே போகலாம்" என்று எடுத்துக்கொள்வான். எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்தால் நுழையாதே என்பதிலும் அதே ஓட்டை. ஸ்டிக்கர் கிழிந்து போயிருக்கலாம், ஒட்டாமலே வந்திருக்கலாம். செயல் வரி இப்படி இருக்கட்டும்: சூப்பர்வைசர் "போ" என்று சொல்லாத எந்தக் கன்டெய்னருக்குள்ளும் காலை வைக்காதே. வாயு இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது, கதவைத் திறந்து காற்றோட விடுவது எல்லாம் உங்கள் வேலை, அவனுடையது இல்லை.

கேள்வியில் அந்த ஓட்டையையே வையுங்கள்: "கதவு தொறந்து கெடக்கு. ஸ்டிக்கர் ஒண்ணும் இல்ல. வாசனையும் வரல. உங்க கையுறை உள்ள விழுந்துடுச்சு, எட்டுனா எடுத்துடலாம். என்னா பண்ணுவீங்க?" இதற்கு விரல் வேண்டாம், கேள்வியை எல்லாருக்கும் கேட்டு, மூணு எண்ணிவிட்டு, அப்புறம் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் அந்த நொடியே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். "உங்களக் கேப்பேன்" என்ற பதில் வந்தால் போதும். "மூச்சப் புடிச்சுக்கினு டக்குனு எடுத்துடுவேன்" என்று வந்தால் சிரித்துவிடாதீர்கள், அதைத்தான் நிஜமாகச் செய்வார்கள். திருத்த வரி: "கையுறை போனா நான் வேற தரேன்." இதைச் சொல்வதற்கு முன்னால் ஸ்டோரில் உபரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு நிமிடம், கடைசியில் ஒரு நிமிடம் பழையதைக் கேட்கச் சொன்னேன் அல்லவா, அதைச் சேர்த்துவிட்டு மற்றொரு விஷயத்தை நுழைக்கத் தோன்றும். நுழைக்காதீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த பரீட்சையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்களுக்கு வேண்டியது பேச்சு முடிந்த ஐந்தாவது நிமிடம் இல்லை, அடுத்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். அதனால் கடைசி நிமிடத்தில் "சுருக்கமா மறுபடி சொல்றேன்" என்று ஆரம்பிக்காமல் அவர்களைச் சொல்ல வையுங்கள். வரிசையாகவும் கேட்காதீர்கள். ஏழாவது கார்டு முடிந்ததும் இரண்டாவது கார்டுக்குப் போங்கள். அதே நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், ஆள் தன் வேலையில் நிற்கும்போது பக்கத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலை நம்பலாம்.

இனி மொழி. மணலி, மாதவரம், எண்ணூர் எந்த யார்டிலும் இப்போது ஒரு பேட்ச்சில் பாதிப் பேருக்கு ஹிந்தியோ ஒடியாவோ பெங்காலியோதான் தெரியும். நடுவில் ஒருவர் மொழிபெயர்த்தால் முப்பத்தைந்து நொடிப் பேச்சு எழுபது நொடி ஆகிவிடும். அப்படிப்பட்ட பேட்ச்சுக்கு ஏழு கார்டை நாலாகக் குறையுங்கள்; மிச்ச மூன்றை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பேசி ஏழையும் முடிப்பதில் லாபமில்லை. மொழிபெயர்ப்பவருக்குக் கார்டை முந்தின நாளே கொடுத்து, கேள்வியையும் தப்பான விடைகளையும் அவர் வாயால் உங்களுக்குச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். பதில் வரும்போது "சரியா சொல்லிட்டான் சார்" என்று அவர் முடித்துவிடுவார். என்ன சொன்னான், அப்படியே சொல்லுங்கள் என்று கேளுங்கள். சாக்பீஸ் வட்டமும் விரலும் இங்கேதான் கைகொடுக்கும்; நிற்கிற இடத்துக்கு மொழி வேண்டாம்.

புரொஜெக்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கான்ஃபரன்ஸ் ரூமில் ஏசி போட்டு ஸ்லைடு காட்டினால் அவர்களுக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கதவும் வண்டியும் கோடும் அங்கே இல்லை. யார்டில் ஷெட் நிழல் விழுகிற பக்கமாகப் பாருங்கள், பொன்னேரி ஹை ரோட்டு டிரெய்லர் சத்தம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், அவர்கள் முகத்தில் அடித்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தரையைத்தான் பார்ப்பார்கள். வணக்கம், கம்பெனி வரலாறு, அறிமுகம் எதுவும் இல்லாமல் நேராக ஆரம்பியுங்கள்: "பத்து நிமிஷம், ஏழு விஷயம். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் கேப்பேன். தப்பா சொன்னா ஒண்ணும் இல்ல, இங்கயே சொல்லிடுங்க." முதல் கேள்விக்குத் தப்பாகச் சொல்கிறவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் இரண்டாவது கேள்விக்கு விரலைக் காட்டுவதா மறைப்பதா என்று முடிவு பண்ணுவார்கள். அதனால் முதல் கார்டாகச் சுலபமானதை வைக்காதீர்கள், கொஞ்சம் பேராவது தப்பு விடுவதை வையுங்கள். கதவுக் கார்டு அதற்குப் பொருத்தம்.

முதல் இரண்டு மூன்று தடவை போனைச் சட்டைப் பையில் போட்டு ரெக்கார்ட் பண்ணுங்கள். கேட்டுப் பார்த்தால் எந்தக் கார்டு ஒன்றரை நிமிடம் ஓடியது என்று தெரியும். பெரும்பாலும் அது நீங்கள் நேரில் பார்த்த விபத்து ஒன்றைச் சொல்கிற கார்டாக இருக்கும். கதையை வெட்டவேண்டாம், அதை இரண்டு வாக்கியத்துக்குச் சுருக்குங்கள், யார் எங்கே நின்றார், என்ன ஆனது, அவ்வளவு போதும். சுருக்க முடியவில்லை என்றால் டீ நேரத்தில் சொல்லுங்கள்.

கார்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு, எத்தனை பேரில் எத்தனை பேர் எந்தத் தப்பைச் சொன்னார்கள் என்று கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். சில பேட்ச் தாண்டினதும் பின்பக்கத்தைப் பாருங்கள். எல்லா பேட்ச்சிலும் எல்லாரும் சரியாகச் சொல்கிற கார்டில் கேள்வி ரொம்ப சுலபம் என்று அர்த்தம், தப்பு விடைகளை மாற்றுங்கள். மாற்றியும் யாரும் தவறவில்லை என்றால் அந்த விஷயம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிகிறது, கார்டை எடுத்துவிட்டு வேறொன்றுக்கு இடம் கொடுங்கள். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் பேச்சை மாற்றிப் பாருங்கள். பேச்சை இரண்டு தடவை மாற்றியும் அதே தப்பு வந்தால் கார்டை விட்டுவிட்டு யார்டைப் பாருங்கள். வழக்கமாக அங்கே மஞ்சள் கோடு அழிந்திருக்கும், அல்லது உங்கள் பழைய ஆட்களே இரண்டாம் வட்டத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.